பேச்சுப்பதிவு அறிக்கையாகும்போது: அயற்கூற்று எங்கே பழுதாகிறது, எப்படிச் சரிசெய்வது

நேர்காணலைக் கேட்டு எழுதிய பேச்சுப்பதிவு கையில் இருக்கிறது, அதை அறிக்கையாக்க வேண்டும். நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கப் பள்ளியில் படித்த விதி எல்லோருக்கும் நினைவிருக்கும்: மேற்கோள் குறியை எடுத்துவிடு, ‘நான்’ வந்தால் ‘தான்’ போடு, ‘இன்று’ வந்தால் ‘அன்று’ போடு, ‘என்று’ இருந்த இடத்தில் ‘ஆக’ சேர். தேர்வுத்தாளில் வரும் ஒற்றை வாக்கியத்துக்கு இது போதும். ஒரு மனிதர் பத்து நிமிடம் தொடர்ந்து பேசியிருக்கிறார், நடுவில் இன்னும் இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் என்றால் அந்த விதி மட்டும் போதாது. யார் செய்தது, யார் சொன்னது, எப்போது நடந்தது, சொன்னவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்ற நான்கும் அறிக்கையில் குழம்பிவிடும். இலக்கணப் பிழை ஒன்றுகூட இருக்காது, ஆனால் பேசியவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதியிருப்போம். கள ஆய்வு அறிக்கைகளைத் திருத்தும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு பேசலாம். இது நான் இதற்காகவே அமைத்த பேச்சு. ஒரு கண்மாயின் மடை உடைந்திருக்கிறது, நவம்பர் 18ஆம் தேதி பிற்பகலில் ஊர் நீர்க்கட்டியிடம் பேசியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிட்டு விடுபவர் நீர்க்கட்டி.) பதிவு இப்படி இருக்கிறது:

“நேத்து ராத்திரி பதினோரு மணி இருக்கும். நான் வீட்லதான் இருந்தேன். தம்பி ஓடி வந்து, ‘அண்ணே, மடை ஒடஞ்சிருச்சு, நான் பாத்துட்டு வாரேன்’னான். நாங்க நாலு பேரு போனோம். பாத்தா தண்ணி தெருவுக்கே வந்துருச்சு. சாயங்காலமே கசிவு இருந்துச்சாம், யாரும் எங்கிட்ட சொல்லல. ஆபீசுக்குப் போன் பண்ணேன், அவங்க எடுக்கல. காலையில வந்தாங்க, பாத்தாங்க. ‘நாளைக்கு மணல் மூட்டை கொண்டு வாரோம், நீங்க ஆளுகளத் தயாரா வச்சிருங்க, யாரும் மடைகிட்டப் போகாதீங்க’ன்னாங்க. நாம என்ன செய்ய முடியும் சொல்லுங்க? செய்வாங்கன்னு நினைக்கிறேன்.”

விதியை மட்டும் நம்பி எழுதிய முதல் வரைவு இப்படி வரும்:

“நேற்று இரவு 11 மணிக்குத் தான் வீட்டில்தான் இருந்ததாகவும், தம்பி ஓடி வந்து மடை உடைந்துவிட்டதாகவும் தான் பார்த்துவிட்டு வருவதாகவும் கூறியதாகவும், தாங்கள் நான்கு பேரும் போனதாகவும், தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டதாகவும் கூறிய நீர்க்கட்டி, மாலையிலேயே கசிவு இருந்ததையும் யாரும் தன்னிடம் சொல்லாததையும் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தும் எடுக்காததையும் சுட்டிக்காட்டினார். காலையில் அவர்கள் வந்து பார்த்ததாகவும், நாளை மணல் மூட்டை கொண்டு வருவதாகவும், ஆட்களைத் தயாராக வைத்திருப்பதாகவும் தெரிவித்தார்.”

மேலோட்டமாகப் படித்தால் நல்ல அலுவலகத் தமிழ்போல இருக்கும். அதனால்தான் இந்தப் பிழைகள் மேலதிகாரி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

பழுதைக் கண்டுபிடிக்க நான் செய்யும் சோதனை ஒன்றுதான். பதிவைப் படிக்காத ஒருவரிடம் வரைவைக் கொடுத்து, “இந்த மனிதர் வாயால் என்ன சொல்லியிருப்பார், அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்” என்று கேட்க வேண்டும். சொற்கள் வேறாக இருக்கலாம், அதைப் பற்றிக் கவலையில்லை. ஆள், காலம், உறுதி மூன்றும் பதிவில் இருப்பதுபோலவே திரும்பி வந்தால் வாக்கியம் நலமாக இருக்கிறது. எங்கே அவர் தயங்குகிறாரோ, அல்லது தயங்காமலே தவறாகச் சொல்கிறாரோ, அங்கேதான் பழுது. உடன் ஆள் இல்லையென்றால் ஒருநாள் விட்டு நீங்களே செய்துபார்க்கலாம். எழுதிய கையோடு செய்தால் மனம் பதிவை நினைவில் வைத்துக்கொண்டு ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிடும்.

இனி ஒவ்வோர் அறிகுறியாக.

அறிகுறி: செயல் இருக்கிறது, செய்தவரைக் காணவில்லை

“அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தும்” என்று வரைவில் இருக்கிறது. செய்தது யார்? நீர்க்கட்டியா, தம்பியா, போன நால்வரில் ஒருவரா? வாக்கியத்தில் விடை இல்லை.

காரணம் தமிழ் வினையின் அமைப்பில் இருக்கிறது. போனேன், போனோம், போனான், போனார்கள் என்று வினைமுற்றின் விகுதியே ஆளைச் சொல்லிவிடும். அதனால் பேசும்போது எழுவாயை விட்டுவிடுகிறோம், கேட்பவருக்கும் குழப்பம் வருவதில்லை. அயற்கூற்றில் நான்கும் ‘போனதாக’ என்ற ஒரே வடிவத்துக்குள் போய்விடுகின்றன. விகுதி போனதும் அதோடு ஆளும் போய்விடுகிறார்.

மருந்து எளிது, கொஞ்சம் பொறுமை வேண்டும். மாற்றத் தொடங்கும் முன் பேச்சுப்பதிவில் வினைமுற்று ஒவ்வொன்றின் மேலும் அதன் எழுவாயைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். ‘பண்ணேன்’ மேல் ‘நீர்க்கட்டி’, ‘போனோம்’ மேல் ‘நீர்க்கட்டி + மூவர்’, ‘எடுக்கல’ மேல் ‘அலுவலகம், யார்?’ என்று. கேள்விக்குறி விழுந்த இடங்கள் எல்லாம் பேசியவரிடம் திரும்பக் கேட்க வேண்டியவை. அப்புறம் மாற்றும்போது, விகுதியில் இருந்த ஆளைப் பெயராக வெளியே எடுத்து வையுங்கள்: “அலுவலகத்தைத் தாம் தொலைபேசியில் அழைத்ததாகவும்”. எல்லா வாக்கியத்துக்கும் எழுவாய் போட வேண்டியதில்லை. ஆள் மாறும் இடத்தில் கட்டாயம் வேண்டும்.

இதிலேயே இன்னொன்று. ‘தம்பி’ யார்? உடன்பிறந்தவராக இருக்கலாம், பங்காளி வீட்டுப் பையனாக இருக்கலாம், தெருவில் வசிக்கும் இளைஞராகவும் இருக்கலாம். பேச்சில் எல்லோரும் தம்பிதான், கூப்பிடுகிறவருக்கு எல்லோரும் அண்ணன்தான். அறிக்கையில் “தம் தம்பி” என்று எழுதினால் அது உறவுமுறை பற்றிய உறுதியான தகவலாக மாறிவிடும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்க வழியில்லையென்றால் “தாம் ‘தம்பி’ என்று குறிப்பிட்ட ஒருவர்” என்று எழுதலாம்.

அறிகுறி: ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘தான்’, இரண்டும் வேறு வேறு ஆள்

வரைவின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். “தான் வீட்டில்தான் இருந்ததாகவும்” என்பதில் உள்ள தான் நீர்க்கட்டி. “தான் பார்த்துவிட்டு வருவதாகவும்” என்பதில் உள்ள தான் தம்பி. நடுவில் ‘வீட்டில்தான்’ என்று அழுத்தம் காட்டும் ஒட்டு வேறு. திருப்பிச் சொல்லிப் பார்ப்பவர், மடையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னது நீர்க்கட்டி என்றே பெரும்பாலும் நினைப்பார். ஒரு விசாரணையில் இது சின்ன வேறுபாடு இல்லை. யார் முதலில் மடைக்குப் போனார் என்பதே மாறிவிடுகிறது.

‘தான்’ என்பது சொல்லும் வினைக்கு யார் எழுவாயோ அவரைப் போய்ப் பிடிக்கும். ஒரு வாக்கியத்தில் சொல்லும் வினை இரண்டு இருந்தால் (தம்பி கூறினான், அதை நீர்க்கட்டி கூறினார்) பிடிப்பதற்கு ஆளும் இரண்டாகிவிடும். பேச்சில் குரல் மாற்றி, ‘அண்ணே’ என்று விளித்து, ஆளைக் காட்டிவிடுகிறோம். எழுத்தில் குரல் இல்லை.

நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு: ‘தாம்’ என்பது நேர்காணல் தந்தவருக்கு மட்டும். அவர் பேச்சுக்குள் பேசும் மற்றவர்கள் எல்லோரும் பெயர்ச்சொல்லாகவே வர வேண்டும். “மடை உடைந்துவிட்டதாகத் தம்பி ஓடிவந்து சொன்னதாகவும், அதைப் பார்த்துவரத் தம்பியே போவதாகக் கூறியதாகவும்” என்றால் குழப்பம் இல்லை. ஒரு சொல் திரும்ப வருகிறதே என்று தோன்றும். வரட்டும், அறிக்கையில் அது குறையில்லை. அழுத்தம் காட்டும் தானை ஏகாரமாக்கிவிடுங்கள்: “தாம் வீட்டிலேயே இருந்ததாக”. பொருள் அப்படியே இருக்கும், மோதல் போய்விடும்.

‘தான்’ வேண்டுமா ‘தாம்’ வேண்டுமா என்பதும் இங்கே முடிவாகிவிட வேண்டும். வினைமுற்று ‘கூறினார்’ என்று மரியாதையோடு முடிந்தால் உள்ளே தாம், தம், தமக்கு, தம்மிடம் என்றுதான் வர வேண்டும். “அவர் தன்னிடம் சொல்லவில்லை என்றார்” என்பது இப்போது எங்கும் புழங்குகிறது, ஆனால் முறையான அறிக்கையில் மாற்றிவிடுங்கள். வழக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ‘தன்’ ஒருமைக்கும் ‘தம்’ மரியாதைக்கும் என்று ஒழுங்காகப் பிரித்து வைத்தால், ‘கூறினான்’ ‘கூறினார்’ இரண்டும் வரும் வாக்கியத்தில் ஆளைப் பிரித்துக்காட்ட ஒரு கருவி கூடுதலாகக் கிடைக்கிறது.

அடுத்தது ‘தாங்கள்’. இதில் இரண்டு சிக்கல். முதலாவது, ‘தாங்கள்’ என்பது மரியாதையான முன்னிலையும்கூட, “தாங்கள் வருவதாக” என்று தொடங்கினால் படிப்பவர் ஒரு கணம் தம்மைச் சொல்வதாக நினைப்பார். இரண்டாவது இன்னும் ஆழமானது. பேச்சில் ‘நாங்க’ என்றால் கேட்பவர் சேரவில்லை, ‘நாம’ என்றால் கேட்பவரும் சேர்த்தி. அயற்கூற்றில் இரண்டுமே ‘தாங்கள்’ ஆகிவிடுவதால் அந்த வேறுபாடு அழிந்துபோகிறது. ஓர் அலுவலரிடம் ஊர்க்காரர் “நாம போய்ப் பாத்தோமே” என்று சொல்லியிருந்தால் அலுவலரும் போயிருக்கிறார். அது ‘தாங்கள் போனதாக’ என்று மாறினால் அலுவலர் போகவில்லை என்றாகிவிடும். ஆகவே ‘நாம்’ வரும் இடத்தில் ஆட்களை விரித்து எழுதுங்கள்: “தாமும் அலுவலரும்”, “தாமும் தம் ஊராரும்”. நம் மாதிரியில் “நாங்க நாலு பேரு” என்பதை “தம்மைச் சேர்த்து நால்வர்” என்று எழுதலாம்.

அறிகுறி: அவர் சொன்னதை அறிக்கையே ஏற்றுக்கொண்டதுபோல் இருக்கிறது

இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படும் பழுது. வரைவில் “மாலையிலேயே கசிவு இருந்ததையும் … சுட்டிக்காட்டினார்” என்று இருக்கிறது. இதைப் படிப்பவர் கசிவு இருந்தது என்றே எடுத்துக்கொள்வார். ஆனால் பதிவில் அந்த மனிதர் என்ன சொன்னார்? “கசிவு இருந்துச்சாம்” என்றார். அவர் பார்க்கவில்லை. யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார், கேட்டதாகத்தான் சொல்லவும் செய்கிறார். அந்த ‘ஆம்’ அவருடைய நேர்மை. வரைவு அதைத் தின்றுவிட்டு, கேள்விப்பட்ட செய்தியை நடந்த உண்மையாக நிறுத்திவிட்டது.

இங்கே இரண்டு தவறு சேர்ந்து நடந்திருக்கிறது. ஒன்று, ‘இருந்ததாக’ என்பதற்குப் பதில் ‘இருந்ததை’ என்று ஐ வேற்றுமை போட்டது. “கசிவு இருந்ததாகக் கூறினார்” என்றால் பொறுப்பு கூறியவரிடம் இருக்கிறது. “கசிவு இருந்ததைக் கூறினார்” என்றால் கசிவு இருந்தது உறுதி, அதை அவர் எடுத்துச் சொன்னார் என்று பொருள். ஒரே ஒட்டு மாற்றத்தில் எழுதுபவர் சாட்சியாகிவிடுகிறார். ‘என்பதை’ என்று எழுதினாலும் இதே கதைதான்: “என்பதைத் தெரிவித்தார்” என்பது உண்மையை ஒப்புக்கொண்ட நடை.

இரண்டாவது, சொல்லும் வினை. ‘சுட்டிக்காட்டினார்’ என்பதற்குள் “இருக்கிற ஒன்றைக் காட்டினார்” என்ற பொருள் இருக்கிறது. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் முன்பு மறைத்தார் அல்லது அவர்மீது பழி இருக்கிறது என்று தொனிக்கும். ‘குற்றம்சாட்டினார்’ என்றால் அவர் சண்டைக்கு நின்றார் என்று தொனிக்கும், அவரோ “யாரும் எங்கிட்ட சொல்லல” என்று மட்டும்தான் சொன்னார். ஐயம் இருக்கும் இடத்தில் ‘கூறினார்’, ‘தெரிவித்தார்’, ‘சொன்னார்’ இந்த மூன்றோடு நின்றுவிடுங்கள். ஒரே சொல் திரும்ப வருகிறது என்பதற்காக வேறு வினை தேடினால், நடையழகுக்காக ஒருவர் நிலைப்பாட்டை மாற்றியவர்கள் ஆவோம்.

திருத்தம்: “மாலையிலேயே கசிவு இருந்ததாகத் தாம் கேள்விப்பட்டதாகவும், ஆனால் அதை எவரும் தம்மிடம் தெரிவிக்கவில்லை என்றும் கூறினார்.” ஆம் என்ற ஒட்டுக்கு எழுத்துத் தமிழில் ‘கேள்விப்பட்டதாக’ என்பதுதான் நேரான இணை. “கசிவு இருந்ததாகக் கூறப்படுகிறது” என்று எழுதிவிடாதீர்கள். யார் கூறினார், யாரிடமிருந்து இது வருகிறது என்பதையே அந்த வடிவம் அழித்துவிடும்.

உறுதி குறையும் மற்ற இடங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். “பதினோரு மணி இருக்கும்” என்றவரை “11 மணிக்கு” என்று நிறுத்தக் கூடாது, “11 மணியளவில்” என்று எழுத வேண்டும். “செய்வாங்கன்னு நினைக்கிறேன்” என்பது வரைவில் விழுந்தே போயிற்று. ‘போல’, ‘மாதிரி’, ‘தெரியல’, ‘னு நினைக்கிறேன்’ எல்லாம் பேச்சின் தூசு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறோம். ‘வந்து’, ‘பாருங்க’, ‘அதாவது’ ஆகியவற்றைத் துடைக்கலாம். முதலில் சொன்னவற்றைத் துடைத்தால் ஊகம் உறுதிமொழி ஆகிவிடும்.

அறிகுறி: அறிக்கையில் ‘நேற்று’, ‘நாளை’ அப்படியே கிடக்கிறது

இது எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாக. ‘நேற்று’ என்பதை ‘முந்தைய நாள்’ என்றும் ‘நாளை’ என்பதை ‘மறுநாள்’ என்றும் மாற்றுவதைவிடத் தேதியையே போடுவது நல்லது, ஏனென்றால் மறுநாள் என்றால் எதற்கு மறுநாள் என்ற கேள்வி மறுபடி எழும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பேச்சுக்குள் இருக்கும் பேச்சில் வரும் ‘நாளைக்கு’, அது சொல்லப்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டியது, நேர்காணல் நாளிலிருந்து அல்ல. நம் மாதிரியில் அலுவலகத்தார் 18 காலையில் சொன்னார்கள், நேர்காணலும் 18, அதனால் 19 என்று சரியாக வந்துவிடுகிறது. அவர்கள் இரண்டு நாள் முன்பு சொல்லியிருந்தால் தவறியிருப்போம்.

வா, போ, தா, கொடு ஆகியவையும் இடத்தைச் சுட்டும் சொற்கள்தான். தாவும் வாவும் தன்மைக்கும் முன்னிலைக்கும், மற்ற இரண்டும் படர்க்கைக்கும் உரியவை என்று தொல்காப்பியமே பிரித்துச் சொல்கிறது. அறிக்கையில் ‘வந்தார்கள்’ என்று மட்டும் எழுதினால் எங்கே என்று தெரியாது, “மடைக்கு வந்து” என்று இடத்தைச் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: ‘வருவதாக’ என்பதற்கு மூன்று பொருள் வருகிறது

“நீர் வருவதாகக் கூறினார்.” இப்போது வந்துகொண்டிருக்கிறதா, இனி வருமா, ஆண்டுதோறும் வருமா? இறந்தகாலத்துக்கு ‘வந்ததாக’ என்று தனி வடிவம் இருக்கிறது. நிகழ்காலமும் எதிர்காலமும் ‘வருவதாக’ என்பதிலேயே சேர்ந்துவிடுகின்றன. ஆகவே காலத்தை வேறு சொல்லால் மீட்க வேண்டும்: நடந்துகொண்டிருந்தால் ‘வந்துகொண்டிருப்பதாக’, இனிமேல் என்றால் ‘வரவிருப்பதாக’ அல்லது ‘வரப்போவதாக’, வழக்கம் என்றால் ‘வழக்கமாக வருவதாக’. “மணல் மூட்டை கொண்டு வாரோம்” என்பது ‘கொண்டுவரவிருப்பதாக’ ஆகும். இதை ‘உறுதியளித்தனர்’ என்று முடிக்க ஆசை வரும். அவர்கள் உறுதி என்ற பேச்சே எடுக்கவில்லை, அதனால் ‘கூறினர்’ போதும்.

அறிகுறி: கட்டளை செய்தியாக மாறிவிட்டது, ‘இல்லை’ வந்த இடம் நொண்டுகிறது

வரைவில் “ஆட்களைத் தயாராக வைத்திருப்பதாகவும்” என்று இருக்கிறதே, அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் “நாங்க ஆளுகளத் தயாரா வச்சிருக்கோம்” என்று வரும். அலுவலகத்தார் இட்ட வேலை, அவர்களே செய்துவிட்ட வேலையாக ஆகிவிட்டது. எல்லா வினைக்கும் ‘ஆக’ ஒட்டிக்கொண்டே போகும் வேகத்தில் நடப்பது இது. ஏவலுக்கு ‘ஆக’ பொருந்தாது, ‘மாறு’ அல்லது ‘படி’ வேண்டும்: “தயாராக வைத்திருக்குமாறு”. முடிக்கும் வினையும் ‘கேட்டுக்கொண்டனர்’ அல்லது ‘கூறினர்’ என்று வர வேண்டும். ‘உத்தரவிட்டனர்’ என்று எழுத, உத்தரவிடும் அதிகாரமும் அந்தத் தொனியும் இருந்திருக்க வேண்டும்.

விலக்கு வந்தால் “மடையருகே எவரும் செல்ல வேண்டாம் என்று” என எழுதுவதே இயல்பு. வரைவில் இந்த எச்சரிக்கை முழுவதும் காணாமல் போயிருக்கிறது. எதிர்மறையை ‘ஆக’ போட்டு மாற்ற வராததால் விட்டுவிட்டுப் போவது பழக்கமாகவே பலரிடம் இருக்கிறது. ‘இல்லை’, ‘தெரியாது’, ‘முடியாது’, ‘வேண்டாம்’ ஆகியவற்றுக்கு ‘என’ அல்லது ‘என்று’ போடுங்கள். “தமக்குத் தெரியாததாகக் கூறினார்” என்று வலிந்து எழுதினால், தெரிந்தும் மறைத்தார் என்ற வாடை அடிக்கும். “தமக்குத் தெரியாது என்று கூறினார்” என்பதில் அது இல்லை.

கேள்வியும் ‘என’ என்பதோடுதான் போகும்: எப்போது வந்தார் எனக் கேட்டார், வந்தாரா எனக் கேட்டார். ஆனால் “நாம என்ன செய்ய முடியும் சொல்லுங்க?” என்பது பதில் எதிர்பார்க்கும் கேள்வி அல்ல. “தங்களால் என்ன செய்ய முடியும் என வினவினார்” என்றால் அவர் ஆலோசனை கேட்டதுபோல் ஆகிவிடும். “ஏதும் செய்ய இயலாது என்றார்” என்றால் அவர் சொல்லாத உறுதி வந்துவிடும். ‘நாம’ என்பதில் யார் யார் அடக்கம் என்பதும் தெளிவில்லை. இப்படிப்பட்ட வாக்கியத்தை நான் மாற்றுவதே இல்லை, மேற்கோளுக்குள் அவர் சொல்லிலேயே விட்டுவிடுகிறேன். மிரட்டல், வசை, தொழில்சார்ந்த வட்டாரச் சொல், இரண்டு பொருள் தரும் சொல் ஆகியவற்றுக்கும் இதுதான் வழி. மேற்கோளுக்குள் பேச்சுத்தமிழ் இருந்தால் அறிக்கையின் மதிப்புக் குறையாது. அதைத் திருத்தி எழுதி மேற்கோள் குறி போடுவதுதான் தவறு.

(சந்தி பற்றி இரண்டு சொல்: ‘எனக் கூறினார்’, ‘வந்ததாகக் கூறினார்’ இவற்றில் ஒற்று மிகும், ‘என்று கூறினார்’, ‘வருமாறு கூறினார்’ இவற்றில் மிகாது.)

அறிகுறி: ‘அவங்க’ ஒருவரா, பலரா?

“அவங்க எடுக்கல”, “காலையில வந்தாங்க”. பேச்சில் ‘அவங்க’ என்பது மரியாதைக்குரிய ஒருவராகவும் இருக்கலாம், பலராகவும் இருக்கலாம். எழுத்தில் ‘அவர்’, ‘அவர்கள்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். வரைவு கண்ணை மூடிக்கொண்டு ‘அவர்கள்’ என்று போட்டிருக்கிறது. உள்ளே ‘வாரோம்’ என்று பன்மை இருக்கிறதே என்று நினைக்கலாம், ஆனால் ஒரே அலுவலர் வந்து நின்று தம் அலுவலகத்தைச் சேர்த்து ‘வாரோம்’ என்று சொல்வது மிக இயல்பு. இதைப் பதிவுக்குள் எவ்வளவு துழாவினாலும் தீராது, பேசியவரிடம் கேட்க வேண்டும். கேட்கவே முடியாத நிலையில் “அலுவலகத் தரப்பில்” என்று எழுதித் தப்பிக்கலாம், ஒன்றிரண்டு இடத்துக்கு மேல் அதைப் போட்டால் வாக்கியம் செயப்பாட்டு வினைகளால் நிறைந்துவிடும்.

அறிகுறி: ‘ஆகவும்’ முடிவில்லாமல் நீள்கிறது

மூன்று ‘ஆகவும்’ தாண்டினால் படிப்பவருக்கு வாக்கியத்தின் தலை மறந்துபோகிறது. அதைவிட மோசம், பேச்சுக்குள் பேச்சு எங்கே முடிந்தது, நேர்காணல் தந்தவரின் பேச்சு எங்கே மீண்டும் தொடங்கியது என்பது தெரியாமல் போகிறது. “கூறியதாகவும், தாங்கள் போனதாகவும்” என்பதில் போனதைச் சொன்னது தம்பியா, நீர்க்கட்டியா? ஆகவே வாக்கியத்தை வெட்டுங்கள். பேசும் ஆள் மாறும் இடத்திலும் நாள் மாறும் இடத்திலும் முற்றுப்புள்ளி வையுங்கள். வெட்டிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சொல்லும் வினை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பத்தியின் முதல் வாக்கியத்தில் மட்டும் ‘கூறினார்’ போட்டுவிட்டு மீதியை நேரடியாக எழுதினால், மீதி எல்லாம் அறிக்கை எழுதியவரின் கூற்றாகிவிடும்.

சரி, எல்லாவற்றையும் சேர்த்து மாதிரியைத் திரும்ப எழுதலாம். தம்பி உடன்பிறந்தவர், காலையில் மடைக்கு வந்தவர்கள் இருவர், தொலைபேசியில் அழைத்தது அலுவலகத்தின் பொது எண்ணை என்று நீர்க்கட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“நவம்பர் 17ஆம் தேதி இரவு 11 மணியளவில் தாம் வீட்டிலேயே இருந்ததாக நீர்க்கட்டி கூறினார். அப்போது அவருடைய தம்பி ஓடிவந்து மடை உடைந்துவிட்டதாகச் சொன்னதாகவும், அதைப் பார்த்துவரத் தம்பியே போவதாகக் கூறியதாகவும் தெரிவித்தார். பின்னர் தம்மைச் சேர்த்து நால்வர் சென்றதாகவும், தெரு வரைக்கும் நீர் வந்துவிட்டதைக் கண்டதாகவும் கூறினார். அன்று மாலையிலேயே கசிவு இருந்ததாகத் தாம் கேள்விப்பட்டதாகவும், ஆனால் அதை எவரும் தம்மிடம் தெரிவிக்கவில்லை என்றும் சொன்னார். அலுவலகத்தைத் தாம் தொலைபேசியில் அழைத்ததாகவும், அங்கு எவரும் எடுக்கவில்லை என்றும் கூறினார்.

18ஆம் தேதி காலை அலுவலர் இருவர் மடைக்கு வந்து பார்த்ததாக அவர் தெரிவித்தார். 19ஆம் தேதி மணல் மூட்டைகளைக் கொண்டுவரவிருப்பதாக அலுவலர்கள் கூறியதாகவும், ஆட்களைத் தயாராக வைத்திருக்குமாறும் மடையருகே எவரும் செல்ல வேண்டாம் என்றும் அவர்கள் கேட்டுக்கொண்டதாகவும் சொன்னார். ‘நாம என்ன செய்ய முடியும் சொல்லுங்க?’ என்ற அவர், அலுவலர்கள் அதைச் செய்வார்கள் எனத் தாம் நினைப்பதாகக் கூறினார்.”

‘வந்துவிட்டதைக் கண்டதாக’ என்பதில் ஐ வேற்றுமை இருக்கிறதே என்று கேட்கலாம். வெளியே ‘கண்டதாகவும் கூறினார்’ என்று மூடியிருப்பதால் பொறுப்பு அவரிடமே இருக்கிறது, அதனால் இங்கே விடலாம். ‘பின்னர்’ என்ற சொல் பதிவில் இல்லை, நான் சேர்த்தது. தம்பி பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகு நால்வரும் போனார்களா, தம்பியோடு சேர்ந்தே போனார்களா, தம்பி அந்த நால்வரில் ஒருவரா என்பது பதிவில் இல்லை. திருப்பிச் சொல்லும் சோதனையில் அந்த இடத்தில் தயக்கம் வருகிறது, அது எழுத்தில் வந்த பழுதல்ல, கேட்காமல் விட்ட கேள்வி. அறிக்கையை அனுப்பும் முன் நீர்க்கட்டியிடம் இன்னொரு முறை பேச வேண்டும்.